மிக்சர் பாக்கெட்டில் 240, 800: எந்த உப்புக் கணக்கு சரி?

பிரஷர் மாத்திரை சாப்பிடும் அப்பா, 150 கிராம் மிக்சர் பாக்கெட்டின் சத்து அட்டவணையை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புகிறார். "சோடியம் 240 மில்லிகிராம்தானேம்மா, சாப்பிடலாம்ல?" பக்கத்துக் கட்டத்தில் 800 என்றும் இருக்கிறது. தலைப்பு வரி மட்டும் படத்தில் விழவில்லை.

எது எதற்கு? புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் கட்டம்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். மிக்சர் மாதிரி உலர்ந்த பண்டத்தில் கூட்டுத்தொகை 90-ஐத் தாண்டினால், அது 100 கிராமுக்கான கட்டம். இங்கே 800 இருப்பது அதில்தான். 240-ஐ 800-ஆல் வகுத்தால் 0.3. அதாவது 240 என்பது ஒருமுறை சாப்பிடும் அளவாக கம்பெனி வைத்த 30 கிராமுக்கு மட்டும்.

முழு பாக்கெட்டுக்கு 800-ஐ 1.5-ஆல் பெருக்க வேண்டும்: 1,200 மில்லிகிராம். ஒரு நாளைய வரம்பே 2,000தான்.

மகளின் பதில்: "ஒரு கைப்பிடியோட நிறுத்திக்கோங்கப்பா. பாக்கெட்டைக் காலி பண்ணா, பாதி நாள் உப்புக்கு மேல போயிடும்."