பூட்டிய வீட்டுக்கு ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்

மஸ்கட்டில் இருக்கும் அந்தக் குடும்பம் இ.பி. ஆபீசுக்கு எழுதிய முதல் கடிதத்தை நான்தான் அனுப்பவிடவில்லை. எதிர் வீட்டுச் சாவி என்னிடம் இருப்பதால் அவர்கள் எதையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் செய்வார்கள். "பத்து மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பேயா லைட் போட்டது?" என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. படிக்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு ரீடிங் கூட இல்லை.

நடந்தது இதுதான். விடுமுறை முடிந்து 2022 அக்டோபரில் அவர்கள் கிளம்பினார்கள். அப்போது எடுத்த ரீடிங் 8,410. மீட்டர், பூட்டிய கிரில்லுக்கு உள்ளே. ரீடிங் எடுக்க வந்தவர் டிசம்பர், பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று நான்கு முறையும் 'கதவு பூட்டு' என்று குறித்துவிட்டுப் போனார். அப்படிக் குறித்தால் முந்தைய பில் தொகையையே போடுவது வழக்கம். அது 225 ரூபாய். மகன் ஆன்லைனில் கட்டிக்கொண்டே இருந்தான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் பெயிண்ட் வேலைக்காக நான் கிரில்லைத் திறந்து வைத்திருந்த நாளில் ரீடிங் எடுத்தார்கள். 9,610. மறுநாள் மஸ்கட்டுக்குக் குறுஞ்செய்தி போனது: 7,850 ரூபாய்.

மீட்டர் ஓடிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். அப்போதும் மினுக்கினால் மீட்டரிலோ, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலுள்ள வயரிலோ கோளாறு. நான் அணைத்தேன், மினுக்கல் நின்றுவிட்டது. ஆக, கரண்ட் வீட்டுக்குள்தான் போகிறது. ஃபியூஸ் போர்டில் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்ததில் மூன்று ஆசாமிகள் சிக்கினார்கள். ஊறுகாய்க்காக ஓடவிட்டிருந்த பழைய ஃபிரிட்ஜ், பேட்டரி செத்தும் சார்ஜ் இழுத்துக்கொண்டிருந்த இன்வெர்ட்டர், இவற்றோடு தண்ணீர் மோட்டார். கழிப்பறை ஃபிளஷ் தொட்டி சொட்டிக்கொண்டே இருந்ததால் மாடித் தொட்டி இறங்கியது. இறங்கியதும் ஆட்டோமேட்டிக் கருவி மோட்டாரைப் போட்டது. ஆள் இல்லாத வீட்டில் பத்து மாதமாகத் தண்ணீர் மேலே ஏறிக் கீழே போய்க்கொண்டிருந்தது!

நாளைக்கு நான்கு யூனிட். பத்து மாதத்துக்கு 1,200. மீட்டர் சொன்னது நிஜம்.

அப்படியானால் கடிதமே வேண்டாமா? வேண்டும். யூனிட் சரிதான், கணக்குப் போட்ட விதம்தான் தவறு. தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும், அந்தப் படிகளோ இரண்டு மாதத்துக்கானவை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய் வீதம், அதற்கு அடுத்த படி 4.50 என்று இருந்தது. ஐநூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும் என்றிருந்தது. ஆயிரத்துக்கு மேல் யூனிட் 11 ரூபாயாக இருந்தது. பத்து மாத யூனிட்டையும் ஒரே இரண்டு மாதத்தில் எரித்ததாகப் பதிந்ததால் 8,750 ரூபாய் வந்தது. கட்டிய 900 போக மீதிதான் அந்த 7,850. இதையே ஐந்து பில்லாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 240 யூனிட், ஒவ்வொன்றுக்கும் 405 ரூபாய். மொத்தம் 2,025. கட்டியது போக 1,125 தந்தால் போதும்.

2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாமல் போனபோதும் நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்தே பில் போட்டார்கள் என்பது எனக்கு நினைவிருந்தது.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு. மின் இணைப்பு எண், இரண்டு ரீடிங்குகளும் தேதியோடு, கதவு பூட்டு என்று குறித்த நான்கு முறைகள், கட்டிய ரசீதுகள், மீட்டரின் புகைப்படம். பிறகு: "1,200 யூனிட் செலவானதை ஒப்புக்கொள்கிறோம். அதை ஐந்து கணக்கீட்டுக் காலங்களுக்குப் பிரித்துத் திருத்திய பில் தருமாறு வேண்டுகிறோம்." செலவை ஒப்புக்கொண்டதால்தான் மீட்டரைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கும் வேலை மிச்சமானது. என் பெயருக்கு ஓர் அதிகாரக் கடிதமும் வைத்தார்கள். நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன்.

கடிதம் கொடுத்ததாலேயே கடைசித் தேதி தள்ளிப்போகாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தையோ, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இ.பி. ஆபீசில் பதில் இல்லையென்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர்.

அவ்வளவு தூரம் போகவில்லை. பொறியாளர் கணக்கைப் பார்த்துவிட்டு, "முதல்ல அந்த ஃபிளஷ்ஷை ரிப்பேர் பண்ணுங்க சார்" என்றார். மூன்றாவது வாரம் 1,125 ரூபாய்க்கு பில் வந்தது. இப்போது அவர்கள் ஊருக்குக் கிளம்பினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் சாவியைத் தருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய் ஜாடி எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறது.