ஆதரவு மறுமொழி (பணியிடம்)

ஆதரவு மறுமொழி என்பது, ஒருவர் தன் சொந்தத் துன்பத்தைப் பகிரும்போது, அதற்குத் தீர்வு கூறாமல், அவருடைய உணர்வைப் புரிந்துகொண்டதைத் தெரிவிக்கும் பதிலாகும். பணியிடத்தில் உடன் வேலை செய்பவர் வீட்டுக் கவலையையோ நோயையோ இழப்பையோ பற்றிச் சொல்லும்போது இத்தகைய மறுமொழி தேவைப்படுகிறது. அவர் எதிர்பார்ப்பது வழிகாட்டலா, ஆறுதலா என்பதைச் சரியாக அறிந்துகொள்வதே இதன் முதற்படி.

பின்னணி

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ், பணி அழுத்தமும் சமூக ஆதரவும் குறித்து 1981-இல் எழுதிய நூலில் ஆதரவை நான்காகப் பிரித்தார். உணர்வு ஆதரவு, பொருளாகவோ உழைப்பாகவோ செய்யும் உதவி, தகவலும் அறிவுரையும், ஒருவர் தன்னை மதிப்பிட்டுக்கொள்ள உதவும் கருத்து ஆகியவை அந்த நான்கு வகைகள். ஒரு வகை தேவைப்படும் இடத்தில் வேறொரு வகையைக் கொடுத்தால், நல்ல நோக்கத்துடன் கொடுத்தாலும் அது உதவியாக உணரப்படுவதில்லை. உணர்வு ஆதரவை நாடி வந்தவருக்கு அறிவுரை கூறுவது இப்பொருத்தமின்மையில் அடிக்கடி காணப்படும் வடிவமாகும்.

ஆறுதல் மொழிகளை விரிவாக ஆராய்ந்த தொடர்பியல் அறிஞர் பிராண்ட் பர்லெசன், அவற்றை மூன்று பெரும் படிகளாகப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்படியில் உள்ளவை எதிராளியின் உணர்வை மறுக்கின்றன அல்லது குறைத்துப் பேசுகின்றன. நடுப்படியில் உள்ளவை பொதுவாக இரக்கம் காட்டுகின்றன, அல்லது கவனத்தை வேறுபக்கம் திருப்புகின்றன. மேற்படியில் உள்ளவை உணர்வை வெளிப்படையாக ஏற்று, அது ஏன் எழுந்தது என்பதை அவரே விரித்துப் பேச இடம் தருகின்றன.

எடுத்துக்காட்டு

ஒரு வங்கிக் கிளையில் காசாளராக உள்ள பெண், அடுத்த கவுண்டரில் இருக்கும் தன்னைவிட மூத்த ஊழியருக்குக் கைப்பேசியில் இவ்வாறு எழுதுகிறார்:

“அக்கா, காலைல கிளம்பும்போது அப்பா என்னைப் பார்த்து ‘நீ யாரும்மா’ன்னு கேட்டுட்டாரு. பஸ்ல அழுதுட்டே வந்தேன். டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கோம். சும்மா யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு.”

இச்செய்தியில் அறிவுரை கேட்கப்படவில்லை என்பதற்கு மூன்று அடையாளங்கள் உள்ளன. முதலாவது, இதில் கேள்வி எதுவும் இல்லை. இரண்டாவது, மருத்துவரிடம் காட்டுவதை அவரே முன்கூட்டிச் சொல்லி, ‘யாரிடம் காட்டினாய்’ என்ற பேச்சை அடைத்துவிடுகிறார். மூன்றாவது, நோயைப் பற்றி அல்லாமல், இன்று காலை நடந்த ஒரு கணத்தைப் பற்றியே பேசுகிறார். ‘சும்மா சொல்லணும்போல’ என்ற சொற்கள் இவற்றை உறுதிசெய்கின்றன.

இதற்கு மூன்று படிகளிலும் பதில் எழுதிப் பார்க்கலாம்.

கீழ்ப்படி: “மனசைத் தளர விடாதே. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே.” தைரியம் சொல்வதுபோல் தோன்றினாலும், நீ அழுதது தேவையில்லாதது என்பதே இதன் உட்பொருள்.

நடுப்படி: “அடடா, கஷ்டமாத்தான் இருக்கும். வா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்.” இது அன்பான பதில். துன்பம் சிறியதாக இருந்தால் இதுவே போதும். ஆனால் அப்பா தன்னை அடையாளம் காணவில்லை என்ற செய்தி இதில் எங்கும் தொடப்படவில்லை.

மேற்படி: “பெத்த அப்பாவே ‘நீ யாரு’ன்னு கேட்டா எப்படிம்மா தாங்குறது. அதை மனசுல வச்சுக்கிட்டு கவுண்டர்ல வேற உட்கார்ந்திருக்க. பேசணும்னா மதியம் சாப்பாட்டு நேரத்துல நான் இருக்கேன். பேச வேணாம்னாலும் சேர்ந்து உட்காரலாம்.”

இம்மூன்றாவது பதில் நடந்ததை அவருடைய சொற்களிலேயே திரும்பச் சொல்கிறது. அதனால் செய்தி முழுமையாகப் படிக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரிகிறது. அடுத்து, அந்த வலி இயல்பானது என்று ஏற்கிறது. இறுதியில், ‘எது வேணும்னாலும் கேளு’ என்று பொதுவாகச் சொல்லாமல், நேரத்தைக் குறிப்பிட்டுத் தான் உடனிருப்பதைத் தெரிவிக்கிறது; பேசாமலிருக்கும் உரிமையையும் அவருக்கே விடுகிறது.

இரண்டாவது மறுமொழி

முதல் பதில் நன்றாக அமைந்தால், சொல்பவர் பெரும்பாலும் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்லுவார். மேற்கண்ட காசாளர் மதியம் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: “அவர்மேல கோபம்கூட வந்துச்சு அக்கா. நோயாளிமேல போய் கோபப்படுறேனேன்னு இருக்கு.”

இங்கே “சேச்சே, அப்படியெல்லாம் நினைக்காதே” என்பது உடனே வாயில் வரும் பதில். ஆனால் அவர் தயங்கித் திறந்த கதவை அது மூடிவிடுகிறது. “தினமும் பார்த்துப் பார்த்துச் செய்யுற. அப்படி இருந்தும் யாருன்னு கேட்டா கோபம் வரத்தானே செய்யும்” என்ற பதில், கோபத்தையும் அதற்கான காரணத்தையும் சேர்த்தே ஏற்கிறது. தந்தைமீது குறை சொல்லவும் இல்லை, மகளைத் திருத்தவும் இல்லை.

வழக்கமான பிழைகள்

பேச்சின் மையத்தைத் தன்பக்கம் இழுப்பது முதல் பிழை. “எங்க மாமியாருக்கும் இப்படித்தான்” என்று தொடங்கிப் பத்து நிமிடம் மாமியார் கதையே ஓடும். சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979-இல் வெளியிட்ட நூலில் இதைத் திசைமாற்றும் மறுமொழி என்று விளக்கி, ஆதரவு மறுமொழியிலிருந்து வேறுபடுத்தினார். தன் அனுபவத்தைச் சொல்லவே கூடாது என்பதில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டு, “உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று பேச்சை அவரிடமே திருப்பித் தந்தால் அது துணையாகும்.

எதிராளியின் உணர்வை அவருக்கும் மேலாக ஊகிப்பது இரண்டாவது பிழை. “நீ உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிருப்ப” என்று அடித்துச் சொன்னால், அவர் அதை மறுக்கவோ அதற்கேற்ப நடந்துகொள்ளவோ வேண்டியதாகிறது. ஊகத்தைக் கேள்வியாக வைப்பது நல்லது.

பதில் தவறியதை எதிராளியின் பேச்சிலிருந்தே அறியலாம். “அதையும் பண்ணிப் பார்த்துட்டோம்” என்று அவர் வாதாடத் தொடங்கினால், நாம் அறிவுரைக்குள் போய்விட்டோம் என்று பொருள். “சரி அக்கா, பரவாயில்ல” என்று பேச்சை முடித்தாலும் அப்படியே. அப்போது, “நான் வழி சொல்லிட்டே போறேன், நீ சொல்லு” என்று நிறுத்திக்கொண்டால் பேச்சு மீளும்.

அறிவுரையின் இடம்

அறிவுரை எப்போதும் தவறல்ல. அதன் வரிசைதான் முக்கியம். தொடர்பியல் ஆய்வாளர் போ ஃபெங் 2009-இல் முன்வைத்த மாதிரியின்படி, முதலில் உணர்வு ஆதரவு, பிறகு சிக்கலைக் கேட்டறிதல், அதன் பின்னரே அறிவுரை. காசாளரின் அக்காவுக்குப் பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்று தெரிந்திருந்தால், சில நாள் கழித்து, “எனக்கு ஒரு இடம் தெரியும், சொல்லட்டுமா?” என்று கேட்கலாம். ‘வேணாம்’ என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

வரம்புகள்

கேட்டதைக் கேட்டவரோடு நிறுத்துவது இதன் அடிப்படை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் “அவளுக்காக வேண்டிக்கோங்க” என்று போடுவதுகூட, சொன்னவரின் அனுமதி இல்லாவிட்டால் நம்பிக்கை மீறலே. கேட்பவர் மேலதிகாரியாக இருந்தால், விடுப்பும் பணிமாற்றமும் அவர் கையில் இருப்பதால், ஆறுதலோடு நிற்காமல் அவை வேண்டுமா என்றும் கேட்பது பொருத்தம்.

சாக வேண்டும் என்றோ, இருந்து பயனில்லை என்றோ ஒருவர் சொன்னால், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது போதாது. தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். அவரைத் தனியே விடக்கூடாது. குடும்பத்தினரையோ மருத்துவரையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐத் தமிழிலும் பேசி அழைக்கலாம். இரகசியம் காப்பதாகத் தந்த வாக்கு இந்நிலையில் பொருந்தாது. அதை அவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.