பழைய புல்லட்டா? அங்கே போங்க

1980களில் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் டூவீலர் பட்டறை வாசலில் ஒரே வாசகம்தான் தொங்கும்: ‘இங்கு எல்லாவிதமான இருசக்கர வாகனங்களும் சிறந்த முறையில் பழுது பார்க்கப்படும்.’ அதில் பொய் இல்லை. தெருவில் ஓடியவை ராஜ்தூத், எஸ்டி, புல்லட், லாம்பிரெட்டா, டிவிஎஸ் 50 என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவவும், பிளக்கைச் சுரண்டிப் போடவும், கிளட்ச் பிளேட் மாற்றவும் தெரிந்தவருக்கு எந்த வண்டி வந்தாலும் கை ஓடும். வாடிக்கையாளருக்கும் தேடல் கிடையாது. வண்டி எங்கே நின்றதோ அங்கிருந்து தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் இருப்பவர்தான் அவருக்கு மெக்கானிக். ‘டேங்க் முனை மெக்கானிக்’, ‘கோயில் எதிர்ல இருக்கிறவர்’ என்று இடம்தான் பேராக இருந்தது.

இன்று அந்த வாசகத்தை எழுதி வைத்தால் அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. 1985-ஐ ஒட்டி ஹீரோ ஹோண்டா, யமஹா போன்ற 100 சிசி வண்டிகள் வந்தன. பின்னால் ஷோரூமிலேயே இலவச சர்வீஸ், வாரன்டி என்று புது வண்டியின் முதல் சில வருடங்கள் தெருமுனைப் பட்டறையிடமிருந்து கைமாறிப் போயின. 2020-ல் பிஎஸ்6 விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரே போய்விட்டது. இன்ஜெக்‌ஷன் கோளாறைப் பார்க்க ஸ்கேனர் வேண்டும். முனைப் பட்டறைக்கு மிஞ்சியது ஆயில் மாற்றுவதும் பிரேக் ஷூ போடுவதும். அதை அடுத்த தெருக்காரரும் செய்கிறார், அவருக்கு அடுத்தவரும் செய்கிறார்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இந்த மாற்றத்தைத் தாண்டி வந்தது. அப்பா காலத்துப் பட்டறை. அப்பா வைத்த பலகையும் மேலே சொன்னதுதான். மகன் பொறுப்பேற்றபோது வரும் வேலைகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஸ்கூட்டர் சர்வீஸ் தினமும் காசு தரும், ஆனால் நூறு ரூபாய் குறைவாகக் கேட்கிறவரிடம் ஆள் போய்விடுவார். புது வண்டிக்கு ஷோரூம் இருக்கிறது. மூன்றாவது, மற்ற மெக்கானிக்குகள் ‘இதெல்லாம் நாங்க தொடறதில்லை’ என்று திருப்பி அனுப்பும் வண்டிகள். அதில் பாதிக்கு மேல் பழைய புல்லட். அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

முதலில் ‘புல்லட் மெக்கானிக்’ என்றுதான் பலகை மாற்றினார். அது போதவில்லை. புது மாடல் புல்லட்டுகளும் வர ஆரம்பித்தன. அந்த வேலையை ஷோரூமே செய்யும். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட், 2010 வாக்கில் புது இன்ஜினுக்கு மாறியது. அதற்கு முந்தையதைக் ‘காஸ்ட் அயர்ன் இன்ஜின்’ என்பார்கள். கியர்பாக்ஸ் தனி, இன்ஜின் தனி. பெரும்பாலானவற்றில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பெரும்பாலும் பாயிண்ட் வைத்து ஸ்பார்க் கொடுக்கும் வண்டிகள் அவை. பலகையை மறுபடி மாற்றினார்: ‘பழைய புல்லட், காஸ்ட் அயர்ன் இன்ஜின் வேலை மட்டும்.’

இந்த அளவுக்குச் சுருக்கினால் என்ன கிடைக்கும் என்பதை ஒருநாள் நேரில் பார்த்தேன். தாத்தாவின் வண்டியைக் கொண்டுவந்த ஒரு பையன் நொண்டிக்கொண்டு நின்றான். உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடித்திருக்கிறது. இரண்டு இடத்தில் காட்டியாகிவிட்டது. ஒருவர் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறார், இன்னொருவர் புது பிளக் மாட்டியிருக்கிறார். இவர் இரண்டையும் தொடவில்லை. பாயிண்ட் மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் கேமை விரலால் திருப்பிவிட்டார். ஸ்பிரிங் இழுத்து அது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்; திரும்பவில்லை, திருப்பிய இடத்திலேயே நின்றுவிட்டது.

“தம்பி, வேகமா ஓடும்போது ஸ்பார்க் முன்னாடியே வரணும், உதைக்கும்போது தாமசமா வரணும். அதுக்குத்தான் இந்த ஸ்பிரிங். இது செத்துப்போச்சு. உதைக்கும்போதே முன்னாடி வெடிக்குது, பிஸ்டன் மேல வர்றதுக்குள்ள கீழ தள்ளுது. அதான் காலை அடிக்குது.”

ஸ்பிரிங்கை மாற்றி, கேம் தண்டைச் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் விட்டார். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தி, டைமிங்கைச் சரிபார்த்தார். பிறகு பையனுக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தார்: கிக்கரை மெல்ல அழுத்தி ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு துளி இறக்கு, அதை விட்டுவிட்டு கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. இரண்டு பேர் தடுமாறிய வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரே வகைக் கோளாறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவருக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் அவருக்குப் பெயர் கிடைத்தது திறமையால் மட்டுமல்ல. பையனை அனுப்பியது பிளக் மாற்றிய அதே மெக்கானிக்தான். ஒரு மெக்கானிக் தன் வாடிக்கையாளரை இன்னொருவரிடம் அனுப்பத் தயங்குவார். போனவர் வீட்டு ஸ்கூட்டரையும் அங்கேயே விட ஆரம்பித்தால் என்ன செய்வது? இவரிடம் அந்தப் பயம் இல்லை. அந்தப் பையன் கிளம்பும்போது, “அம்மாவோட ஸ்கூட்டரையும் நீங்களே பார்த்துடுங்க அண்ணே” என்று கேட்டான். “அதை உன்னை அனுப்பினவர்கிட்டயே விடு” என்று சொல்லிவிட்டார். அந்தப் பதில் அன்று மாலையே அனுப்பியவர் காதுக்குப் போயிருக்கும். அப்பா காலத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் போட்டியாளர். இன்று அவர்தான் ஆள் பிடித்துத் தருகிறவர். வேண்டாம் என்று திருப்பிய ஸ்கூட்டர்கள்தான் இதற்கு அவர் கொடுத்த விலை.

அந்த விலை சின்னதும் அல்ல. இன்ஜின் இறக்கிய வண்டி ஒன்று, கனெக்டிங் ராடுக்கோ நல்ல உதிரி பாகத்துக்கோ காத்துக்கொண்டு வாரக்கணக்கில் இடத்தை அடைத்து நிற்கும். தினக்காசு வராது. அதனால் அவர் ஒரேயடியாகக் கதவை மூடவில்லை. முதலில் புதிதாக வரும் ஸ்கூட்டர்களை மட்டும் திருப்பினார். அப்பா காலத்து வாடிக்கைகளைக் கொஞ்சகாலம் வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்த பையன்களிடம் ஒப்படைத்தார். எப்போது விடலாம் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டு, வேலைச் சீட்டின் ஓரத்தில் எழுதிவிடுவார். ‘வழியில பார்த்தேன்’ என்ற பதில் நிறைய இருந்தவரை பழைய வேலையையும் விடவில்லை. ஆள் பெயர் சொல்லி வருகிறவர்கள் அதிகமான பிறகே விட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஆயுள் உண்டு. காஸ்ட் அயர்ன் புல்லட் புதிதாக ஒன்றுகூட வரப்போவதில்லை; இருப்பவையும் பதினைந்து வருடம் தாண்டியவை, ஆர்சி புதுப்பிக்கும்போது சிலர் விற்றுத் தொலைக்கிறார்கள். அடுத்து எதைச் சேர்ப்பது என்று அவரும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். சுலபமான விடை வாரன்டி முடிந்த புது புல்லட். அதை எடுத்தால் அனுப்புகிறவர்களின் பிழைப்பில் கைவைத்ததாக ஆகும். அவர் பார்வை எஸ்டி பக்கம் போகிறது. மைசூரில் 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி, அதுவும் பாயிண்ட் வைத்தது, அதையும் மற்றவர்கள் தொடுவதில்லை. புல்லட்டை அனுப்புகிற அதே மெக்கானிக் எஸ்டியையும் அனுப்புவார் என்றால் எடுக்கலாம், இல்லையென்றால் வேண்டாம் என்பது அவர் முடிவு. இப்போதைக்கு இரண்டு எஸ்டிகளை எடுத்திருக்கிறார். இரண்டின் சீட்டிலும் ஓரத்தில் ஒரு மெக்கானிக்கின் பெயர் இருக்கிறது.