பாலிசியில் ஓர் எழுத்து தவறினால்

வண்டியின் காப்பீட்டுப் பாலிசி தொலைந்துவிட்டால் நகல் கேட்டு எழுதுவது எளிது. அந்தப் பாலிசியில் பெயரும் சேசிஸ் நம்பரும் தப்பாக இருந்திருந்தால் கடிதத்தைக் கவனமாக எழுத வேண்டும். பழைய பதிவிலிருந்துதான் நகல் எடுப்பார்கள். தப்பும் அதிலேயே அச்சாகி வரும். தப்பைச் சரிசெய்ய 'எண்டார்ஸ்மென்ட்' என்ற திருத்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே கடிதம் போதும், ஆனால் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். இல்லாவிட்டால் நகலை மட்டும் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடக்கூடும்.

எழுதும் முன் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு வண்டியருகே போய், சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இப்போதைய வண்டிகளில் அது எண்ணும் எழுத்துமாக 17 இடங்கள் கொண்டது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் I, O, Q ஆகிய எழுத்துகள் அதில் வருவதில்லை. ஆகவே பாலிசியில் O இருந்தால் அது தட்டச்சுப் பிழைதான். 8-ம் B-யும், 5-ம் S-ம் அப்படியல்ல. இரண்டுமே வரக்கூடியவை, பொறிப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஆர்.சி.யிலேயே தப்பு இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம். காப்பீட்டு நிறுவனம் ஆர்.சி.யைப் பார்த்துத்தான் திருத்தும்.

ஒரு பைக் உரிமையாளரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, மேற்கண்ட எண்ணுள்ள பாலிசியின் அசல் தொலைந்துவிட்டது. நகல் ஒன்று தர வேண்டுகிறேன்.

அந்தப் பாலிசியில் என் பெயர் KUMARSAN என்று உள்ளது, ஆர்.சி.யில் உள்ளபடி KUMARESAN என்று இருக்க வேண்டும். சேசிஸ் நம்பரின் 12-வது இடத்தில் B என்று உள்ளது. அங்கே 8 இருக்க வேண்டும். முழு எண்ணையும் கீழே எழுதியுள்ளேன். பாலிசி தொடங்கிய நாளிலிருந்தே செல்லும்படி இரண்டையும் திருத்தி எண்டார்ஸ்மென்ட் வழங்கக் கோருகிறேன்."

பாலிசி எண், வண்டி எண், காப்பீட்டுக் காலம் ஆகியவை கடிதத்தின் தலைப்பில் வர வேண்டும். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், பொறிப்பின் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னால் மறுக்காதீர்கள்.

'தொடங்கிய நாளிலிருந்தே' என்ற சொற்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அவை இல்லாவிட்டால் திருத்தம் தாள் வழங்கிய நாளிலிருந்து மட்டும் செல்லுவதாகப் போட்டுவிடலாம். இடையில் நடந்த விபத்துக்குப் பழைய எண்ணே நிற்கும். இழப்பீடு கேட்கும்போது சர்வேயர் வண்டியின் சேசிஸ் நம்பரைப் பாலிசியோடு ஒப்பிடுவார். விபத்துக்குப் பின் திருத்தம் கேட்டால், காப்பீடு செய்தது வேறு வண்டியோ என்ற ஐயம் எழும். ஒரே எழுத்துக்காகக் கோரிக்கை மாதக்கணக்கில் இழுக்கும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக அந்தப் பிரதிதான் ஆதாரம். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் 17 இடங்களையும் மறுபடி பொறிப்போடு ஒப்பிட்டுவிட்டு, பாலிசி நகலோடு சேர்த்தே வையுங்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் அதன் பிரதி ஒன்றை வங்கிக்கும் கொடுத்துவிடுங்கள்.