கடைக் கணக்கு – 14: கடன் முடிந்தது, ஓவன் முடியவில்லை

திண்டுக்கல் பக்கம் சிறிய பேக்கரி நடத்தும் நண்பர் போன மாதம் கூப்பிட்டார். "சார், ஓவன் கடன் முடிஞ்சுருச்சு. இனி மாசம் பத்தாயிரம் கூட நிக்கும். பன் விலையில அம்பது காசு குறைக்கலாம்னு இருக்கேன்" என்றார். விலையைத் தொட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

நான் பயந்தபடியேதான் நோட்டு இருந்தது. ஓவன் வந்த மாதத்தில் லாரி வாடகை, இறக்குகூலி, எரிவாயுக் குழாய் வேலை என்று 30,000 ரூபாயை மொத்தமாகச் செலவு எழுதி, அந்த மாதத்தை நட்டமாக்கியிருந்தார். பிறகு 36 மாதமும் "ஓவன் 9,964" என்று தவணைத் தொகை. முப்பத்தேழாவது மாதம் அந்த வரியே இல்லை. ஆனால் பன் வெந்துகொண்டிருப்பது அதே ஓவனில்தான்.

தவணை என்பது கடன் கொடுத்தவருக்குக் காசு போகும் வேகம். ஓவன் தேய்வது வேறு வேகம். அதைத்தான் கணக்கில் தேய்மானம் என்கிறோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஓவன் விலை 3,00,000. அதைக் கடையில் நிறுத்தி எரியவைக்க ஆன 30,000 ரூபாயும் ஓவனின் அடக்கத்தில்தான் சேரும். ஆக 3,30,000. எத்தனை வருஷம் உழைக்கும் என்று மாஸ்டரைக் கேட்டோம். இந்த வேலைக்கு எட்டு வருஷம் என்றார். அதன் பிறகு விற்றால் 42,000 கிடைக்கும் என்று ஒரு மதிப்பு வைத்தோம். மீதி 2,88,000 ரூபாயை 96 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 3,000. கடையில் மாதம் 12,000 பன் போகிறது. ஓவனில் வேறு எதுவும் வேகவில்லை என்றே வைத்தாலும், ஒரு பன்னுக்கு 25 காசு ஓவன் தேய்கிறது.

அப்படியானால் தவணையை எங்கே எழுதுவது? உடைத்து எழுத வேண்டும். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்பதால் முதல் மாதத் தவணையில் வட்டி 3,000. அது செலவு. மிச்சம் 6,964 அசல். அது கடனைக் குறைக்கிறதே தவிர செலவு ஆகாது. ஓவனின் விலையைத்தான் தேய்மானமாக மாதாமாதம் எழுதுகிறோமே! அசலையும் செலவாக எழுதினால் ஒரே ஓவனை இரண்டு தடவை எழுதியதாகும்.

இங்கே நண்பருக்கு ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. "அப்படி எழுதினா லாபம் தெரியும், கல்லாவில காசு இருக்காதே?" உண்மைதான். முதல் மாதம் 6,964 ரூபாய் கல்லாவை விட்டுப் போனது, ஆனால் செலவில் இல்லை. 3,000 ரூபாய் தேய்மானம் செலவில் இருக்கிறது, ஆனால் கல்லாவை விட்டுப் போகவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 3,964. கணக்கில் 20,000 லாபம் தெரிந்தால் வீட்டுக்கு எடுக்க 16,036தான் இருக்கும். கடன் ஓடும் வரைக்கும் இந்த இழுபறி உண்டு. கடன் முடிந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வட்டி நின்றுவிட்டது, தேய்மானம் மட்டும் 3,000 தொடர்கிறது. அந்தக் காசு கல்லாவிலேயே தங்குவதால், செலவழிக்கலாம் என்று ஆசை வரும். அது அடுத்த ஓவனுக்கான காசு.

எட்டு வருஷம் என்பது மதிப்பீடுதான். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை ஓவனைப் பார்த்தே கணக்கை முடிக்கச் சொல்வேன். ஒரே தட்டில் ஒரு மூலை கருகி மறு மூலை வெளுத்திருக்கிறதா? அதே மாவுக்கு எரிவாயு கூடுதலாகப் போகிறதா? பர்னர் மாற்றினால் சரியாகும் என்றால் அது பழுதுச் செலவு, அந்த மாதத்திலேயே எழுதிவிடலாம். உடம்பே தளர்ந்துவிட்டது என்றால் ஆயுளைத் திருத்த வேண்டும். ஐந்து வருஷம் முடியும்போது புத்தக மதிப்பு 1,50,000 இருக்கும். இன்னும் மூன்று வருஷம் என்று நினைத்தது இரண்டுதான் என்றால், விற்பனை மதிப்பு 42,000 போக 1,08,000 ரூபாயை 24 மாதங்களுக்குப் பிரித்து மாதம் 4,500 எழுதலாம். பழைய பக்கங்களைத் திருத்த வேண்டியதில்லை.

வருமான வரிக் கணக்கு தனி. அங்கே பொதுவான இயந்திரங்களுக்கு, குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல் ஆண்டுக்கு 15 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் எளிய முறையில் இருப்பவர் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. விலை போட உதவுவது நாம் போட்ட 3,000 கணக்குதான். ஓவனுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்பவர் அதை அடக்கத்தில் சேர்க்கக் கூடாது. தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவருக்கு அது திரும்பாது. அதனால் சேர்க்க வேண்டும். நண்பர் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறார். மேலே சொன்ன 3,00,000 ஜிஎஸ்டியும் சேர்ந்த விலை.

பன் விலை அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை அவர் தபால் நிலையத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கினார்.