தோளில் நான்கு விரல்கள்

ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டது 1865இல். சில ஆண்டுகள் கழித்து அவருடைய மனைவி மேரி, வில்லியம் மம்லர் என்கிற அமெரிக்கப் புகைப்படக்காரரின் முன்னால் கறுப்பு உடையில் போய் உட்கார்ந்தார். கழுவி வந்த படத்தில் அவருக்குப் பின்னால் லிங்கன் நிற்கிறார். இரண்டு கைகளும் மனைவியின் தோள்மேல். மம்லர் ‘ஆவிப் படம்’ எடுத்துப் பிழைத்தவர். 1869இல் நியூயார்க்கில் மோசடி வழக்கில் சிக்கி, குற்றம் நிரூபணமாகாமல் வெளியே வந்தவர். ஒரே பிளேட்டில் இரண்டு உருவங்களைப் பதிப்பதுதான் அவருடைய வித்தையாக இருந்திருக்கும் என்று இன்று பலரும் கருதுகிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். லிங்கனின் கை மேரியின் தோளை அழுத்தவில்லை. உடை மடங்கவில்லை. விரலுக்கு அடியில் நிழலும் கிடையாது. ஆனாலும் யாரும் குறை சொல்ல முடியாது, ஆவிக்கு ஏது எடை? எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் கேட்பது ஆவியை இல்லை. ‘அப்பா பக்கத்துலயே நிக்கிற மாதிரி’ கேட்கிறார்கள்.

இறந்துபோன அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்ப்பது ஊர் ஊருக்கு நடக்கிற வேலைதான். பெரும்பாலும் அவரைப் பக்கத்தில் ‘ஒட்டி’விடுவார்கள். இருவருக்கும் நடுவில் நான்கு விரல்கடை இடைவெளி இருந்தால் பிரச்சினையே இல்லை. தொடச் சொன்னால்தான் வம்பு. சென்ற வருடம் ஒரு பெண்ணின் அம்மா வந்து, “தம்பி, எம் பொண்ணு தோள்ல அவரு கை போட்டிருக்கணும்” என்றார். அந்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

கையில் இருந்தவை இரண்டு படங்கள். ஒன்று, மணமேடையில் எடுத்த பெண்ணின் படம்: சிவப்புப் பட்டு, கழுத்தில் மாலை, இடுப்பு வரை. இன்னொன்று, யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்தில் அப்பா வெள்ளைச் சட்டையோடு நிற்கும் படம். அதில் கைகள் இரண்டும் முழங்கைக்கு மேலேயே வெட்டுப்பட்டிருந்தன.

முதல் முடிவு, அப்பா எந்தப் பக்கம் நிற்பது என்பது. பெண்ணின் கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம், இடப்பக்கம் சற்று மேலே. லைட் இருந்த இடத்தைக் கண்ணே சொல்லிவிடும். மேடைப் படத்தை எடுத்தவரிடமும் கேட்டேன்: அறுபது சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ், இரண்டு மீட்டர் தூரம். அப்படியானால் அப்பா படத்தின் இடப்பக்கம் நிற்கவே கூடாது. அங்கே ஒரு ஆள் உண்மையில் நின்றிருந்தால் லைட்டை மறைத்திருப்பார், பெண்ணின் கன்னத்தில் பாதி இருண்டிருக்கும். கல்யாணப் பெண்ணின் முகத்தில் நிழல் வரைந்து தப்பித்தவர் யாரும் இல்லை. அதனால் அப்பாவை வலப்பக்கம், அவளுக்கு அரை அடி பின்னால் நிறுத்தினேன். இப்போது நிழல் விழ வேண்டியது அவருடைய சட்டையில். வெள்ளைச் சட்டையில் நிழல் போடுவது எளிது.

இந்த இடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. அப்பாவின் வலது கை பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய், அந்தப் பக்கத் தோளில் முன்னால் எட்டிப் பார்க்கும். முழங்கையும் மணிக்கட்டும் மறைந்துவிடும், தெரிவது நான்கு விரல்கள் மட்டுமே. கட்டைவிரல்கூடப் பின்னால் போய்விடும். ஆனால் கையின் நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அப்பாவின் மார்பில் ஒரு பகுதி பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஒளிகிற அளவுக்கு அவர் நெருங்கி நின்றால்தான் கை எட்டும். தள்ளி நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் விரலை மட்டும் வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் அப்பாவுக்கு அனுமார் கை முளைத்தது போல உறுத்தும்.

விரல்களுக்கு எங்கே போவது? புதிதாக இந்த வேலைக்கு வருகிற பையன்கள் இணையத்தில் ஒரு கையைத் தேடி எடுத்து, ஓரம் சுத்தமாக வெட்டி, தோளில் வைத்து, Drop Shadow போட்டுவிடுவார்கள். கை சுத்தமாகத்தான் இருக்கும், பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி. தொடுவதற்கான சாட்சி கையில் கிடையாது. தொடப்பட்ட துணியில்தான் இருக்கிறது.

ஆகவே அந்த அம்மாவிடம், “அவரு கை மாதிரி கை உங்க வீட்டுல யாருக்கும்மா இருக்கு?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை: “அவரு தம்பிக்கு.” பெண் வெளியூர் போயிருந்தாள். தங்கை அதே ஜாக்கெட்டைப் போட்டு, அதே பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். சித்தப்பா அவள் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். அதே அளவு சாஃப்ட்பாக்ஸ், அதே பக்கம், அதே இரண்டு மீட்டர். முதல் பத்துப் படங்களில் அவர் கையைப் பட்டும் படாமலும் வைத்திருந்தார். “சும்மா நல்லா புடிங்க சித்தப்பா” என்று அவளே சொன்ன பிறகுதான் துணி மடிந்தது.

அந்தப் படத்திலிருந்து விரல்களை மட்டும் வெட்டவில்லை. விரலைச் சுற்றி இரண்டு அங்குலத் துணியையும் சேர்த்தே எடுத்தேன். விரல் நுனியிலிருந்து விசிறி போல ஓடும் சுருக்கம், விரல்களுக்கு நடுவே லேசாகப் பிதுங்கிய ஜாக்கெட் கை, அடியில் இருட்டு எல்லாம் ஒரே துண்டாக வந்துவிட்டன. தையலை எங்கே போடுவது என்பதுதான் மிச்சம். கையின் ஓரத்தில் போட்டால் கண்ணில் படும். துணியின் நடுவில், ஏற்கெனவே இருக்கிற ஒரு மடிப்பின் ஓரமாக மாஸ்க் போனால் தேடினாலும் கிடைக்காது. ஜரிகைக் கரை இரண்டு படத்திலும் ஒன்றோடொன்று பொருந்த, அதை மட்டும் Liquify கொண்டு இம்மி இம்மியாக நகர்த்த வேண்டியிருந்தது.

எல்லா வீட்டிலும் சித்தப்பா இருக்க மாட்டார். அப்போது நிழலைக் கையால்தான் வரைய வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். நிழலின் ஓரம் எவ்வளவு மங்கும் என்பதை லைட்டின் அகலமும் தூரமும் தீர்மானிக்கின்றன. அகலத்தைத் தூரத்தால் வகுங்கள்: அறுபதை இருநூறால் வகுத்தால் பத்தில் மூன்று. அதாவது துணியைவிட்டு ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும் விரல் கணுவின் நிழல், ஓரத்தில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் மங்கும். துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல் நுனிக்கு இடைவெளி பூஜ்யம், மங்கலும் பூஜ்யம். ஆக ஒரே விரலின் நிழல் நுனியில் கத்தி மாதிரியும் கணுவில் பஞ்சு மாதிரியும் இருக்க வேண்டும். Drop Shadow எல்லா இடத்திலும் ஒரே மங்கலைத்தான் தரும், கை மிதப்பதற்கு அதுதான் காரணம்.

நான் எடுத்தது பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படம், முந்நூறு டி.பி.ஐ. உயரத்தில் 5400 பிக்சல். அதில் ஒன்றரை மீட்டர் உலகம் அடங்கியிருந்ததால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை பிக்சலுக்குக் கொஞ்சம் அதிகம். நுனியில் நிழல் வரைய மூன்று பிக்சல் பிரஷ் போதும், கணுவுக்குப் பத்துப் பதினொன்று. இவற்றுக்கு அப்பால், விரலும் துணியும் சந்திக்கும் இடுக்கில் ஒரு இருட்டுக் கோடு உண்டு. அதற்கு லைட்டின் திசை தெரியாது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்கூட நுழைய முடியாத சந்து அது, அதனால் லைட் இருக்கும் பக்கத்திலும் மெலிதாகத் தெரியும். பலர் நிழலை ஒரு பக்கம் போட்டுவிட்டு இந்தக் கோட்டை மறப்பார்கள். படத்தில் வேறெதையும் மாற்றாமல் இதை மட்டும் சேர்த்துப் பாருங்கள், கை இறங்கி உட்காரும்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். சிவப்புப் பட்டின் நிழல் கருஞ்சிவப்பு. அதே துணியில் பக்கத்திலுள்ள ஆழமான மடிப்பிலிருந்து நிறத்தைத் தொட்டெடுத்து, தனி லேயரில், Multiply முறையில் வைப்பேன். துணிக்கு விரல் நிழல் கொடுத்தால், விரலுக்குத் துணி நிறம் கொடுக்கும். விரல்களின் அடிப்பக்கத்தில் சிவப்பு லேசாக ஏற வேண்டும். அப்பாவின் வெள்ளைச் சட்டையிலும் அப்படித்தான். பெண்ணின் முந்தானை உரசும் ஓரத்தில் அந்த வெள்ளை கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

முந்தானை இருந்த இடது தோள்தான் அப்பாவின் மார்பை மறைக்கும் இடம். அங்கே பட்டின் கொசுவ ஓரம் ஒரே நேர்கோடாகச் சட்டையை வெட்டக் கூடாது. மேல் மடிப்பு சட்டையைத் தொடும், கீழ் மடிப்பு ஒரு விரல்கடை விலகி நிற்கும். தொடும் இடத்தில் நிழல் கூர்மை, விலகிய இடத்தில் மங்கல். மல்லிகைச் சரத்தின் நுனிகளும் நான்கைந்து முடியிழைகளும் சட்டைமேல் தனித்தனியாக விழ வேண்டும். இவற்றைக் கத்தரித்தால் வராது, புதிதாக வரைந்துவிடுவதே நல்லது. அந்தப் பக்கம் மாலையின் இரண்டு ரோஜா இதழ்களை நடு விரலின் நுனிமேல் ஏற்றிவிட்டேன். தோள், அதன்மேல் விரல், அதன்மேல் பூ. எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்த கையைக் கண் சந்தேகிக்கும். எதற்கோ அடியில் கொஞ்சம் போய்விட்ட கையை நம்பிவிடும்.

அப்பாவின் பழைய படம் நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்தது. முகத்தில் பக்கமே இல்லை. வலப்பக்கக் கன்னத்தையும் மூக்கோரத்தையும் கொஞ்சம் இறக்க முடிந்தது, அதற்குமேல் போனால் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். அங்கே நிறுத்திக்கொண்டேன். இந்த வேலையில் எல்லை என்று ஒன்று இருந்தால் அது முகத்தில்தான். பழைய படத்தின் பொரிப்பொரியான மணலைப் பெண்ணின் படத்துக்கும் விரலுக்கும் ஒரே அளவில் தூவினேன், மூன்று படங்களும் ஒரே கேமராவில் பிறந்ததாகத் தெரிய அது வேண்டும்.

முடித்ததும் இரண்டு சோதனை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி வெளிச்சத்தை அதிகமாக ஏற்றினால், ஒட்டிய நிழல்கள் மற்ற இருட்டோடு சேராமல் சாம்பலாகத் தனித்து நிற்கும். அவற்றைத் திருத்தலாம். இன்னொன்று, வரைந்த நிழலும் மடிப்பும் கீழே ஒரு லேயரில் இருந்தால், விரல்களை மட்டும் அணைத்துவிட்டுத் தோளைப் பார்ப்பது. யாரோ இப்போதுதான் கையை எடுத்தது போல அந்த இடம் இருந்தால் சரி. வெறும் தோளாக இருந்தால் கை இன்னும் வைக்கப்படவில்லை.

படத்தை வாங்க அந்த அம்மா வந்தார். நிழலையும் பூவையும் அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு விரல்களின் மேல் விரலை வைத்தார்.

“இது தம்பி கை” என்றார். “அவருக்கு நகம் இன்னும் சப்பையா இருக்கும்.”

மாற்றித் தரவா என்று கேட்டேன். இல்லை, பிரேம் போட்டுவிடச் சொன்னார்.