கலங்கிய ஆற்று நீரைப் படிகாரம் எப்படித் தெளிய வைக்கிறது?

ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் வரும்போது தண்ணீர் டீ நிறத்தில் ஓடும். அதில் ஒரு குடம் மொண்டு வைத்தால், மணல் சட்டென்று அடியில் தங்கிவிடும். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தாலும் நீர் கலங்கலாகவே இருக்கும். அதே குடத்தில் கொஞ்சம் படிகாரம் கலந்தால் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது. படிகாரம் மண்ணைக் கரைப்பதில்லை. சின்னச் சின்னத் துகள்களைச் சேர்த்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான்.

பத்து மடங்கு சிறியது, நூறு மடங்கு தாமதம்

0.1 மில்லிமீட்டர் அளவுள்ள நுண்மணல் ஒரு அடி ஆழம் இறங்கச் சுமார் அரை நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டல் துகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு மூன்று, நான்கு நாட்கள் வேண்டும்.

இத்தனைக்கும் மூன்றும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி உள்ள பொருள்கள்தான். துகளின் குறுக்களவு பத்து மடங்கு குறைந்தால் அதன் எடை ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். ஆனால் இறங்கும்போது தண்ணீர் கொடுக்கும் தடை பத்து மடங்குதான் குறையும். கீழே இழுக்கும் விசை அதிகமாகச் சரிய, தடுக்கும் விசை கொஞ்சமே குறைவதால், வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. 19-ம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிவியலாளர் கண்டறிந்த விதி இது.

களிமண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிவிடுவதால், தாமாகச் சேர்ந்து பெரிதாவதில்லை.

படிகாரம் போட்டதும்...

படிகாரத்தில் உள்ள அலுமினியம் நேர் மின்னூட்டம் கொண்டது. அது களிமண்ணின் மின்னூட்டத்தைத் தணிக்கிறது. கூடவே தண்ணீரின் காரத்தன்மையோடு சேர்ந்து, பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. களிமண் அந்தப் பஞ்சில் சிக்கி, கண்ணுக்குத் தெரியும் திரள்களாகிறது. திரளுக்குள் பெரும்பகுதி தண்ணீர்தான், மண்ணைவிட லேசானது. இருந்தாலும் அளவு பல நூறு மடங்கு கூடிவிடுவதால், சில நிமிடங்களில் ஒரு அடி இறங்கிவிடும்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இதே வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் படிகாரக் கரைசலை ஊற்றி, ஒரு நிமிடத்துக்குள் வேகமாகக் கலக்குவார்கள். பிறகு அரை மணி நேரம் வரை மெதுவாகச் சுழற்றுவார்கள். இங்கே வேகம் கூடினால் திரள்கள் உடைந்துவிடும். அடுத்து, தெளிதொட்டியில் தண்ணீர் இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிதானமாக நகரும். திரள்கள் அடியில் தங்க, தெளிந்த நீர் மேலே வழிந்து மணல் வடிகட்டிக்குப் போகும்.

எவ்வளவு போடுவது?

ஆற்றின் கலங்கல் நாளுக்கு நாள் மாறும். அதனால் ஆய்வகத்தில் 'ஜார் டெஸ்ட்' செய்வார்கள். ஆறு ஜாடிகளில் ஒவ்வொரு லிட்டர் ஆற்று நீர் எடுத்து, 10, 20, 30 என்று 60 மில்லிகிராம் வரை படிகாரம் சேர்ப்பார்கள். நிலையத்தில் நடப்பது போலவே கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். 30 மில்லிகிராம் ஜாடி மங்கலாக இருந்து, 40-ம் 50-ம் ஒரே மாதிரி தெளிந்திருந்தால், அன்றைக்கு 40 போதும். தினமும் ஒரு கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அது 400 கிலோ.

அளவு கூடினால் இன்னும் தெளியும் என்று நினைக்கக் கூடாது. அலுமினியம் அதிகமானால் துகள்கள் நேர் மின்னூட்டம் பெற்று, மறுபடி ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கலாம். தண்ணீரில் காரத்தன்மை குறைவாக இருந்தாலும் திரள் சரியாக உருவாகாது. அப்போது சுண்ணாம்பு சேர்ப்பார்கள்.

வீட்டில் செய்வதானால்

படிகாரக் கல்லைக் கையில் பிடித்துத் தண்ணீரில் சுழற்றினால் எவ்வளவு கரைந்தது என்று தெரியாது. 20 லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன், அதாவது சுமார் ஒரு கிராம் படிகாரத் தூளை ஒரு டம்ளர் நீரில் கரைத்து ஊற்றலாம். ஒரு நிமிடம் வேகமாகவும், பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மெதுவாகக் கலக்கும்போதே குட்டிக் குட்டித் திரள்கள் தெரிந்தால் அளவு சரி. தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். நாக்கில் துவர்ப்புத் தட்டினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

மேல் நீரை மட்டும் மெல்ல இறுத்து, துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்த பிறகே குடிக்க வேண்டும். மண்ணோடு கிருமிகளில் ஒரு பகுதி அடியில் போயிருக்குமே தவிர, எல்லாம் போயிருக்காது. குளோரின் போடுவதாக இருந்தாலும் தெளிந்த பிறகே போட வேண்டும். கலங்கிய நீரில் கிருமிகள் மண் துகள்களின் மறைவில் தப்பிவிடும்.